போத்தலில் எங்கள் விலாசம்

அட்டன் பஜாரில் ஒரு கடை முதலாளி எங்கள் தேசிக்காய் ஊறுகாயை வாளி வாளியாக வாங்கி, தன் கடைப் பெயர் ஒட்டிய போத்தலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூளும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு, லயத்து வரிசை வீட்டுக்கு வந்து அடுப்பில் வேகுவது நாங்கள், பெயர் அவருக்கு. எனக்குப் பற்றி எரிந்தது.

சொந்த லேபல் ஒட்டுவதென்று எங்கள் மாதர் குழு முடிவெடுத்ததும், நானும் குழுத் தலைவி அக்காவும் அதை அவரிடமே போய்ச் சொன்னோம். சிரித்தார்.

“லேபல்ல விலாசம் போடணும், தெரியுமா? ஒங்க லயத்துக்கு ஏது விலாசம்? கடுதாசியே தோட்டத்து ஆபீசுக்குத்தான வருது? பேசாம என் கட விலாசத்தப் போட்டுக்கங்க.”

செய்தவரின் விலாசம் இல்லாமல் போத்தலைக் கடையில் வைக்க முடியாது. அவர் சொன்னது சரியாக இருந்ததில்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவர் விலாசம் போட்டால் பண்டமும் அவருடையதாகிவிடும்.

“லயத்துல செஞ்சதுன்னு தெரிஞ்சா எவன் திம்பான்?” என்று வேறு கேட்டார்.

“இத்தன நாளாத் தின்னவங்க யாரும் சாகலையே, மொதலாளி” என்றார் அக்கா.

அன்றோடு அவருக்குச் சரக்கை நிறுத்தினோம்.

விலாசத்துக்கென்று ஓர் இடம் தேடினோம். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. புதிதாக ஒன்று கட்டியதால் பழையது பூட்டிக் கிடந்தது. தோட்டத்து மேனேஜர் துரையின் வாசலில் நின்று நின்று அதைக் கேட்டு வாங்கினோம். வெள்ளையடித்தோம், ஜன்னலுக்கு வலை அடித்தோம். சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார், அதையும் செய்தோம். அவர் சரியென்ற பிறகு, தோட்டத்தின் பெயரோடு அந்தக் கட்டடத்தின் பெயரையும் சேர்த்து, அதையே விலாசமாகப் பிரதேச செயலகத்தில் பதிந்தோம்.

பெயர் வைக்கத்தான் அடிதடி. ஆளுக்கொரு சாமி பெயர், பூப்பெயர். நான் கத்திவிட்டேன்: “நாம வளந்ததும் அங்கதான், நம்ம புள்ளைங்க வளந்ததும் அங்கதான். அந்தப் பேரையே வைங்கடி!” தமிழிலும் சிங்களத்திலும் ‘பிள்ளைக்காம்பரா’ என்று அச்சடித்தோம்.

புகை வாசம் அடிக்கிறது என்று சொல்லியே முதலாளி விலை குறைப்பார். இந்தப் பனிமூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போவது? உப்பில் ஊறிய தேசிக்காயை விறகடுப்புச் சூட்டில்தான் உலர்த்துவோம். அதையே லேபலில் பெரிதாகப் போட்டோம்: ‘அடுப்புச் சூட்டில் உலர்ந்தது.’

ஞாயிற்றுச் சந்தையில் ஒரு டீச்சர் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார்.

“அட, அந்த பஜார் கடையில வாங்குறது இதத்தானே! இப்ப அங்க இந்த வாசமே இல்லையே?”

“இனி இங்கதாங்க இருக்கும்” என்றேன்.

அவர் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். கொட்டகலையிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டு வந்தார்கள்.

ஒரு நாள் முதலாளியின் வேன் மேலேறி வந்து எங்கள் வாசலில் நின்றது. கையில் எங்கள் போத்தல்.

“கடைக்கு வர்றவங்க இதத்தான் கேக்குறாங்க.”

அக்கா விடவில்லை. “வெலாசமே இல்லாத எடத்துக்கு எப்புடி வந்து சேந்தீங்க, மொதலாளி?”

அவர் லேபலைத் திருப்பி, அதிலிருந்த எங்கள் விலாசத்தைக் காட்டினார். உள்ளேயிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு கீழ் லயம் வரை கேட்டிருக்கும்.

சரக்குக் கொடுத்தோம். எங்கள் போத்தலில், எங்கள் லேபலோடு. பழக்கதோஷத்தில் அவர் வாளிகளையும் கொண்டுவந்திருந்தார். அதையெல்லாம் காலியாகவே வேனில் திருப்பி ஏற்றச் சொன்னது நான்தான்.