பூட்டக்காவின் பழைய சீட்டு

ஸ்டோரைக் கவனித்துக்கொள்ளும் அக்காவுக்கு ஆபீசில் ‘பூட்டக்கா’ என்று பெயர். திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவாளே தவிர, லாக் அவுட் செய்யவே மாட்டாள். வேண்டாம் என்ற மேனேஜரோடு மல்லுக்கட்டி, கொள்முதல் ஃபோல்டரைத் திறக்க அனுமதியுள்ளவர்களின் குரூப்பில் தன்னைச் சேர்க்க வைத்தாள். அப்போதும் ‘அனுமதி இல்லை’ என்றது திரை.

“சிஸ்டமே வேணாங்குது பாருங்க,” என்று இளித்தார் மேனேஜர்.

நேரே போய் சிஸ்டம் பார்க்கும் தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

“சேத்தாச்சுக்கா. ஆனா லாகின் பண்றப்பதான் நீங்க எந்தெந்த குரூப்புன்னு கம்ப்யூட்டர் சீட்டு எழுதும். இன்னும் பழைய சீட்டையே காட்டிட்டிருக்கீங்க. பூட்டித் திறந்தா மாறாது, லாக் அவுட் பண்ணுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மூடி வெளியேறினாள், மறுபடி நுழைந்தாள். ஃபோல்டர் திறந்தது.

திரையை மேனேஜர் பக்கம் திருப்பினாள். “சிஸ்டம் வேணாங்கல சார். வேணாம்னது நீங்கதான்.”