கணக்கில் சேராத கேள்வி

பல வருடங்களாக வார்டில் கால் தேய நடந்த நர்ஸ் அவள். மேற்படிப்பு ஆய்வுக்காகச் சக நர்ஸுகளிடம் வேலையில் படும் கஷ்டங்களைப் பற்றி முப்பது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னாள். ஒன்று என்றால் 'இல்லவே இல்லை'.

கம்ப்யூட்டர் முன்னால் பேராசிரியை விளக்கினார். "தூக்கம் வரலைன்னு அதிகமா போட்டவங்களே கை நடுங்குதுன்னும் அதிகமா போட்டிருக்காங்க பாரு. இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்குற கேள்விங்களுக்குப் பின்னால பொதுவா ஒரு காரணி இருக்கலாம். கூட்டம் கூட்டமா பிரிக்கிறது கணக்கு. பேர் வைக்கிறது நாமதான்."

கேள்விகள் மூன்று காரணிகளாகச் சுருங்கின. பயம், களைப்பு, அவமானம் என்று அவள் பெயர் வைத்தாள். ஒரு கேள்வியை மட்டும் கணக்கு ஏற்கவே இல்லை: 'என் கஷ்டத்தைச் சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறார்.' அத்தனை பேரும் அதற்கு ஒன்றுதான் போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் ஒரே பதில் சொன்னா ஏற்ற இறக்கமே இல்லையே. அது எதோடயும் சேர்ந்து நகராது. எடுத்துடும்மா."

"மேடம், இருக்கிறதிலேயே பெரிய வேதனை இதுதானே?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனியா ஒரு வரி எழுதிடு."

எழுதினாள். அறிக்கையைப் பார்த்த மருத்துவமனை நிர்வாகம் அந்த வரியை அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் பாராட்டி வெளியிட அனுமதி கொடுத்தது.

அன்று வேலைக்குப் போனவளை உடன் வேலை பார்ப்பவள் பார்த்தாள். "என்னக்கா, முகமே சரியில்ல?"



"ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிட்டு, முதல் கட்டிலை நோக்கி நடந்தாள்.