கொக்கு படுத்த பெஞ்ச்

எடை தூக்கும் போட்டியில் இரண்டு தடவையும் 'செல்லாது' என்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. பாக்கி இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் முடிவுப் பலகையில் அவள் பெயருக்கு நேரே எடை எதுவும் இருக்காது.

பள்ளி வேன் ஓட்டும் அந்த நாற்பது வயதுக்காரியை வீட்டில் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கையும் காலும் அவ்வளவு நீளம். தையல் வகுப்பைப் பாதியில் விட்டாள், கணினி வகுப்பைப் பாதியில் விட்டாள், கல்யாணமும் பாதியில் முறிந்தது. அதனால் எப்போது போன் செய்தாலும் அம்மா முதலில் கேட்பது, "என்னடி, பாதியில வந்துட்டியா?" என்பதுதான். அம்மாவுக்கு அது விளையாட்டு. இவளுக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

பெஞ்சில் படுத்தபடி எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் இந்த பெஞ்ச் பிரஸ்ஸையாவது முடித்துக் காட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பயிற்சி கொடுத்தவள் தங்கை. குட்டைக் கை, குட்டைக் கால், பீப்பாய் மாதிரி நெஞ்சு. போன போட்டியெல்லாம் ஜெயித்த மகராசி. தான் எப்படிப் படுப்பாளோ அப்படியே அக்காவையும் படுக்கவைத்திருந்தாள்.

இப்போது மேடைக்குப் பின்னால், பயிற்சி அறையில், தங்கை கையைப் பிசைந்தாள்.

"பெஞ்சை விட்டு இடுப்பு எழும்புதுன்னுதான் ரெண்டு தடவையும் சிவப்பு. காலை இன்னும் பின்னாடி இழு. முதுகை இன்னும் வளை. எடையைக் குறைக்கவும் விடமாட்டாங்க."

"இதுக்கு மேல வளைச்சா ஒடிஞ்சுடும்டி!"

"நான் வளைக்கலையா?"

கொக்குக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "காலையில வேனை எடுக்கறப்ப நான் முதல்ல என்ன பண்ணுவேன்? சீட்டைப் பின்னாடி தள்ளுவேன். முந்தின ஷிஃப்ட் ஓட்டுறவன் உன் உயரம். அவன் சீட்லயே உட்கார்ந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். இத்தனை மாசமா நான் உன் சீட்ல உட்கார்ந்துதான்டி ஓட்டிட்டு இருக்கேன்!"

தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே ஒலிபெருக்கியில் அடுத்தவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று பேர் தூக்கியதும் இவள் முறை.

"படு," என்றாள் தங்கை. "எடை மாட்டாத வெறும் கம்பி, பார் மட்டும்தான். நெஞ்சு வரைக்கும் இறக்கி நிறுத்து."

கால்மாட்டில் குனிந்து பார்த்தவள், "ஐயையோ," என்றாள். மணிக்கட்டு முழங்கைக்கு நேர் மேலே இல்லாமல் உள்பக்கம் விழுந்திருந்தது. "என் கைக்குச் சரியான பிடி உனக்குக் குறுகல். வெளிய தள்ளு. இன்னும் கொஞ்சம்." பாரில் இருந்த கோட்டைச் சுண்டுவிரல் தொட்டதும் முன்கைகள் செங்குத்தாக நின்றன. பார் ஏற வேண்டிய தூரமும் குறைந்தது.

கால்தான் பெரிய வில்லங்கம். நீளக் காலைப் பெஞ்சுக்கு அடியில் மடக்கி, குதிகாலையும் தரையில் அழுத்தி உந்தினால், உந்தல் இடுப்பைத்தான் மேலே தூக்குகிறது. பாதங்களை முன்னால் நகர்த்தி அகலமாக ஊன்றச் சொன்னாள். "இப்ப உந்து." பெஞ்சில் உடம்பு தலைப்பக்கம் நகரப் பார்த்ததே தவிர, இடுப்பு எழவில்லை. வண்டி ஓட்டி ஓட்டி இறுகிய கீழ்முதுகை வில்லாக்கும் வேலையையும் விட்டார்கள். தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்துக் கீழே இழுத்து, நெஞ்சை மட்டும் நிமிர்த்தினாள். இடுப்புக்கடியில் சின்ன வளைவு, அது போதும்.

"புதுப் பிடியில கனமா தூக்கிப் பார்த்ததில்லையேக்கா. நடுவுல நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். என் சீட்ல உட்கார்ந்து நிக்கறேன்," என்றாள் கொக்கு. சொன்னாளே தவிர, உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூளை இரண்டு தடவை பூசிக்கொண்டாள்.

மேடையில் படுத்தாள். பிடித்தாள், ஊன்றினாள், நெஞ்சை நிமிர்த்தினாள். பாரைத் தாங்கியிலிருந்து எடுத்ததும் எல்லாமே அந்நியமாக இருந்தது. நடுவர் சொன்னதும் இறக்கினாள். பார் நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும், நின்றது. "தள்ளு!" என்றார். உந்தினாள். பாதி வரை மளமளவென்று ஏறிய பார், அங்கே நின்றுவிட்டது.

பாதியில்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பைத் தூக்கினால் ஏறிவிடும், தெரியும். தூக்கவில்லை. குதிகாலைத் தரையில் புதைப்பதுபோல அழுத்தினாள். மனசுக்குள் அம்மாவின் கேலி, மேடையோரம் தங்கையின் "விடாதக்கா!" எல்லாம் ஒன்றாகக் கேட்டது. பார் ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல். கைகள் முழுக்க நீண்டு முழங்கைகள் பூட்டிக்கொண்டன.

மூன்று நடுவர்களின் விளக்குகளும் எரிந்தன. ஒரு சிவப்பு. இரண்டு வெள்ளை. இரண்டு இருந்தால் போதும்.

தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டு, அக்காவின் தோளை எட்டமுடியாமல் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதாள். பையில் போன் அடித்தது. அம்மா.

"என்னடி, பாதியில வந்துட்டியா?"

"இல்லம்மா," என்றாள். "முடிச்சுட்டுத்தான் வரேன்."