நான் கூட்டிய கூட்டத்தில் எனக்கு வேலை இல்லை

எங்கள் அலுவலகத்தில் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: டிஸ்கஷன். எதைப் பற்றி, யார் என்ன கொண்டுவர வேண்டும், எதற்காக நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்றும் இருக்காது. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்துப் பதினான்கு பேர் கண்ணாடி அறைக்குள் போய் உட்காருவோம். துறைத் தலைவர் கடைசியாக வந்து, "அச்சா, இன்னைக்கு என்ன பேசப்போறோம்?" என்று எங்களையே கேட்பார். சமோசா வந்ததும் ஒரு உற்சாகம் பிறக்கும். சமோசா தீர்ந்ததும் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கலைவோம்.

டெல்லி துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து குர்கானுக்குப் போய் நான் பார்த்த வேலை இதுதான் என்று என் அம்மாவிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

தெற்கே உள்ள சில மருத்துவமனைகளுக்காகத் தொலைபேசி எடுத்துப் பேசுவது எங்கள் கம்பெனியின் தொழில். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவது, பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்வது போன்றவை. தமிழில் பேசுகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலி இருந்தது. ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். மற்ற நாற்காலியில் இருந்தவளுக்கு இருபத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது டெல்லியில்தான். அப்பா கட்டட வேலைக்கு வந்தவர், இப்போது முதுகு முடியாமல் வீட்டில் இருக்கிறார். அம்மா ஜனக்புரியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வரும் சம்பளம் இவளுடையது மட்டும்தான்.

அந்த நாற்காலியையும் எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. மென்பொருள்காரர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், நேரம் பதிவு செய்ய இரண்டை அழுத்தவும் என்று இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம்.

இதற்காக மூன்று கூட்டம் நடந்தது. முதலாவதில், எத்தனை அழைப்பு வருகிறது என்ற விவரத்தைப் புள்ளிவிவரக்காரர் கொண்டுவரவில்லை. கேட்டிருந்தால் கொண்டுவந்திருப்பேன் என்றார். இரண்டாவதில் அவர் கொண்டுவந்தார். ஒப்பந்தங்களைப் பார்ப்பவர் வரவில்லை. ஏ.சி. பற்றிய டிஸ்கஷன் என்று நினைத்தாராம். மூன்றாவதில் எல்லோரும் வந்திருந்தார்கள். தமிழ் டெஸ்க்கை சவுத் டெஸ்க் என்று சொல்லலாமா என்று யாரோ கேட்க, அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. எழுந்து போகும்போது தலைவர் சொன்னார்: "அடுத்ததுதான் கடைசி. அதிலயும் முடிவு வரலைன்னா மாசக் கடைசியோட மூடிடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. டெஸ்க்குகளின் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஆகவே, அடுத்த கூட்டத்தை நான் ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று மாலை மெட்ரோவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மொபைலில் ஆங்கிலத்தில் மெயிலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அதை எழுதும்போது எனக்குள் ஒரு குட்டிச்சாத்தான் புகுந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தலைப்பிலேயே விஷயத்தைப் போட்டேன்: "முடிவெடுக்க: தமிழ் டெஸ்க் தொடருமா, மூடுமா? வியாழன், 11.00 முதல் 11.40 வரை." முதல் வரியில், இது கலந்துரையாட அல்ல, முடிவு செய்ய மட்டும் என்று எழுதினேன். அதன் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. புள்ளிவிவரக்காரர்: முதல் பத்து நிமிடம் உங்களுடையது; மொத்த அழைப்புகளோடு, இயந்திரத்தில் வேலை முடியாமல் மறுபடி கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கொண்டுவரவும். ஒப்பந்தக்காரர்: மொழி பற்றி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு வரவும், மூட நமக்கு உரிமை உண்டா என்பதற்கு உங்கள் பதில் தேவை. மென்பொருள்காரர்: உங்கள் இயந்திரத்தைத் தமிழில் கூப்பிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் உங்களுக்கே ஒரு நேரம் பதிவு செய்து பார்த்துவிட்டு வரவும். அவர் லூதியானாக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. இதை எழுதியபோது நான் சிரித்ததில் பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

தலைவருக்குக் கொஞ்சம் பவ்யமாக எழுதினேன். எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டு 11.35க்குத் தாங்கள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் நேரத்துக்குள் முடியும். வாயைத் திறக்காதீர்கள் என்பதை இதைவிட மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மீதி ஒன்பது பேரின் பெயரையும் போட்டு ஒரே வரி: இதில் வேலை இல்லாதவர்கள் வர வேண்டாம், மாலைக்குள் கூட்டக் குறிப்பு உங்களுக்கு மெயிலில் வந்துவிடும். பெயரையும் எண்ணையும் நீக்கிய இரண்டு அழைப்புகளின் எழுத்து வடிவத்தை ஆங்கிலத்தில் இணைத்து, இதைப் படிக்க ஆறு நிமிடம் ஆகும் என்று குறிப்பிட்டு, திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒன்பது பேரில் ஆறு பேர் நன்றி சொன்னார்கள். மூன்று பேர் என் மேஜைக்கே வந்துவிட்டார்கள். டெல்லியில் ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவதும் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடுவதும் ஒன்றுதான். மனிதவளத் துறை அம்மா, "சும்மா ஓரமா உக்காந்து பாக்கறேனே" என்றார். இன்னொருவர் சமோசா உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் தமிழ் டெஸ்க்கிலிருந்து அவளே வந்தாள். மென்பொருள்காரர் இயந்திரத்தோடு போராடித் தோற்று, என் மெயிலையே அவளிடம் காட்டி உதவி கேட்டிருக்கிறார். எல்லார் எதிரிலும் என்னை மேடம் என்பவள், அப்போது பக்கத்தில் யாரும் இல்லாததால் அக்கா என்றாள்.

"அக்கா, மெயில் பார்த்தேன். பஹுத் அச்சா இருக்கு. எல்லாருக்கும் வேலை குடுத்திருக்கீங்க. வர வேணாம்னு சொல்றதுக்குக்கூட ஒன்பது பேர் பேரு இருக்கு. என் பேரு எங்க?"

"உன்னைப் பத்திப் பேசறப்ப நீ அங்க இருந்தா கஷ்டமா இருக்குமேன்னு..."

"வேலை போச்சுன்னு மெயில்ல படிச்சா கஷ்டமா இருக்காதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்காகத்தான் இத்தனையும் செய்கிறேன் என்று மூன்று நாளாக எனக்கே ஷொட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் என் நினைவுக்கு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து மெயிலைத் திருத்தினேன். மேலே "மாற்றம்: ஒருவர் சேர்க்கப்பட்டுள்ளார்" என்று எழுதி, அவளுக்கும் ஒரு பத்தி போட்டேன். ஐந்து நிமிடம், ஒரு நாளில் வந்த அழைப்புகளில் இயந்திரத்தால் முடியாதவை எவை என்று ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு வரவும்.

"எழுதணுமா? எனக்குத் தமிழ் எழுத வராதேக்கா."

"இந்தியில எழுது. கேக்கறவங்க எல்லாம் இந்திக்காரங்கதானே."

வியாழக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்கு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். இது எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்திராத காட்சி. தலைவர் என் மெயிலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்து, கடைசி வரிக்குப் போய், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மேடம்ஜி, இதுல உங்க வேலை என்ன?"

நானும் காகிதத்தைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. நடத்துவது யார், நேரம் பார்ப்பது யார், குறிப்பு எழுதுவது யார் என்று எதையும் நான் எழுதியிருக்கவில்லை.

"நான்தானே சார் கூட்டினேன்."

"கூட்டிட்டீங்க, ரொம்ப நன்றி. வேலை இல்லாதவங்க வர வேண்டாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குறிப்பு சாயங்காலம் மெயில்ல வந்துரும்." அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. 11.35 வரை வாயை மூடச் சொன்னதற்குப் பதிலடி என்று புரிந்தது. ஒப்பந்தக்காரரிடம் குறிப்பெழுதச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே டீ மெஷின் பக்கத்தில் அழைக்கப்படாதவர்களில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. "ஆயியே, ஆயியே" என்று மனிதவளத் துறை அம்மா எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவளுக்காகப் பேசுவதற்கு இரண்டு நாளாக நான் மனப்பாடம் செய்திருந்தேன். நான் இல்லாமல் அவள் உளறிக் கொட்டி, அந்த நாற்காலி போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மென்பொருள்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு எதையோ அழுத்திக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் எழுந்தாள். கையில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று இருந்தது. படிக்கப் படிக்க யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

11.28க்கே கதவு திறந்தது. என் முன்னால் வந்து நின்றவளிடம், "என்ன ஆச்சு?" என்றேன்.

"குறிப்பு மெயில்ல வரும் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிவரை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. மெயில் வந்தது. முடிவு: டெஸ்க் தொடரும், காலி நாற்காலிக்கும் ஆள் எடுக்கப்படும். அலுவலக நேரத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆள்தான் பேச வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கிறது. படித்துவிட்டு வா என்று எவரும் சொல்லாததால் மூன்று கூட்டமாக அதை ஒப்பந்தக்காரர் படிக்கவில்லை. மருத்துவமனைகள் சம்மதித்தால் அதை மாற்றலாம் என்ற வரியும் கீழே இருந்ததாம். சம்மதம் கேட்டுப் பார்க்கலாம் என்று தலைவர் ஆரம்பித்தபோதுதான் அவள் எழுந்து படித்திருக்கிறாள். அந்தத் தாளின் படத்தையும் ஒப்பந்தக்காரர் இணைத்திருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் காபி குடித்துவிட்டேன், பரவாயில்லையா என்று ஒருவர். ஆட்டோ வாசலில் நிற்கிறது, எந்த கேட் வழியாக வருவது என்று ஒருத்தி. கடைசி வரி: ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரு ஆங்கில வார்த்தை நல்லதா கெட்டதா என்று ஒரு பெரியவர் கேட்டார், எனக்கும் தெரியாது, நர்ஸ் லைனுக்கு வரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இதற்கு எந்த எண்ணை அழுத்த?

ஆறு மணிக்கு மெட்ரோ நிலையத்துக்குச் சேர்ந்து நடந்தோம். நான் உள்ளே இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம், என்னை வெளியே அனுப்பியது அநியாயம் என்று புலம்பிக்கொண்டே வந்தேன். கார்டைத் தட்டி உள்ளே போனவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றாள். "நீங்க இருந்திருந்தா நான் எழுந்திருச்சே இருக்க மாட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."