பனங்காட்டுச் சிவப்பு

ஆதிலக்ஷ்மிக்குக் கணக்கு தப்பாது. ஸ்ரீவைகுண்டத்துக்காரி, தூத்துக்குடியில் நீர்வடிப்பகுதித் திட்ட அலுவலகத்தில் எங்களுக்கு வரைபடம் போடுகிறவள். தப்பாது என்று அவளே நம்பியதுதான் வினை.

கீழவைப்பாருக்கு மேற்கே ஓர் ஊர். கிணறெல்லாம் உப்பு. மழைநீரைத் தேக்க ஒரு குளம் கேட்டார்கள். மண் பரிசோதனையில் பனங்காட்டின் கிழக்கு ஓரம்தான் தேறியது, அங்கேதான் களிமண். ஆனால் ஆதிலக்ஷ்மி செயற்கைக்கோள் உயரத் தரவை எடுத்து, முப்பது மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரமாக வைத்து, பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டுச் சரிவு கண்டாள். அந்த இடம் பத்து சதவீதச் சரிவு என்று வந்தது. எங்கள் விதிப்படி ஐந்துக்கு மேல் கூடாது. சிவப்பு அடித்து, 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டாள். மறுநாள் பட்டியல் மேலே போகவேண்டும்.

அந்த ஊர் வார்டு உறுப்பினர் செல்வராணி, குளம் என்ன ஆயிற்று என்று கேட்க அன்று மதியமே வந்து நின்றார். வரைபடத்தை உற்றுப் பார்த்தவர், விரலால் சிவப்பைத் தடவினார்.

"மேடம், இது எங்க பனங்காடு ஓரம்லா! அங்கன சரிவு எங்க இருக்கு? சைக்கிள மிதிச்சாத்தான் நகரும்."

"தரவு அப்படித்தான் காட்டுதுக்கா."

"உங்க தரவு மரத்து உச்சிய பாத்துருக்கும்."

சிரிக்க வாய் திறந்த நான் மூடிக்கொண்டேன். ஆதிலக்ஷ்மியின் முகம் வெளிறிவிட்டது. உண்மைதானே! அந்தத் தரவு தரையை மட்டும் அளப்பதில்லை. அடர்ந்த மரம் இருந்தால் அதன் உயரமும் சேர்ந்துவிடும். காடு முடியும் இடத்தில் திடீரென்று மூன்று மீட்டர் விழும். கணினிக்கு அது மலைச்சரிவு. நெல்வயல் பார்த்து வளர்ந்தவளுக்குப் பனங்காடு நினைவுக்கே வரவில்லை.

"பெருமாளே! சிவப்பிரகாஷ், ட்யூபை எடு," என்றாள் என்னிடம்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே ட்யூப்தான், கொஞ்சம் நீளமானது. செல்வராணியோடு பனங்காட்டு ஓரத்துக்குப் போய், அதில் தண்ணீர் நிரப்பி, முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு அளவுகோல் நட்டோம். மேற்கில் தண்ணீர் எண்பத்திரண்டு சென்டிமீட்டரில் நின்றது; கிழக்கில் நூற்றுப் பதினெட்டு. முப்பத்தாறு சென்டிமீட்டர்தான் இறக்கம். நாலைந்து இடத்தில் பார்த்தும் ஒன்றேகால் சதவீதத்தைத் தாண்டவில்லை.

"மேடம், அப்போ தண்ணி நிக்குமா?"

"நிக்கும்க்கா. தப்பு என்னோடது."

சொன்னதோடு விடவில்லை. அங்கேயே மேலதிகாரியைக் கூப்பிட்டு, "சார், பட்டியலைத் திருத்தணும். மரத்தைத் தரைன்னு நினைச்சுட்டேன்," என்றாள். இப்படி ஒத்துக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் வாய் வராது, எனக்கும்தான்.

செல்வராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குளம் வருமோ வராதோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கலம்மா," என்று அழுதுகொண்டே சிரித்தார். ஆதிலக்ஷ்மியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளம் வரப்போகிற மண்ணில் இருவரும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.