இரண்டு தச்சர்கள், ஒரே கணக்கு

எங்கள் மரக்கடையில் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒத்துப்போச்சு அக்கா’. சாயங்காலம் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால்தான் முதலாளிக்கே நிம்மதி. அவரிடம் தப்புக் கண்டுபிடித்தவர் கிடையாது. நானும் முயன்று மூக்குடைபட்டவன்தான்.

கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் பட்டியல் தாறுமாறாகக் கிடந்தது. ஒரே ஆள் பட்டப்பெயரில் ஒருமுறை, பட்டறைப் பெயரில் ஒருமுறை, எழுத்துப்பிழையோடு இன்னொருமுறை. பில் போட்டது நாங்கள்தான், வேறு யாரைத் திட்டுவது? அக்கா உட்கார்ந்து அவற்றை ஒன்றாக்கினார். ஒரு பதிவை வைத்துக்கொண்டு, மற்றதிலிருந்த ஆர்டர், பில், ரசீது, பாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, காலியானதை முடக்கிவைப்பார். எதையும் அழிக்கமாட்டார். சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் கடையின் மொத்தப் பாக்கியைப் பார்த்தார். பைசா பிசகவில்லை. “ஒத்துப்போச்சு” என்றார்.

மறுநாள் கட்டில் செய்யும் தச்சர் பலகை வாங்க வந்தார். கடன் வைத்தறியாத மனிதர். கவுன்டரில் நல்ல கூட்டம்.

“பழைய பாக்கி நிறைய நிக்குதுங்க. அதைக் கட்டினாத்தான் பில் போட முடியும்,” என்றார் அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி.

“எனக்கா? எதுக்கும்மா?”

“கதவு நிலைக்கு வாங்கின மரம்.”

“நான் கதவே செய்யறதில்லையேம்மா. கட்டில் மட்டும்தானே.”

யாரோ சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. முகம் மெல்ல மாறியது. “அது எங்க அண்ணன்,” என்றார் தணிந்த குரலில்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சேர்ந்து தொழில் செய்த காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே போன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. அக்கா நம்பரைப் பார்த்து இருவரையும் ஒருவராக்கிவிட்டார். அண்ணன் பாக்கியைத் தம்பி தலையில் கட்டினாலும் மொத்தம் ஒத்துத்தானே போகும்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. மாற்றிய ஒவ்வொரு பில்லிலும் ரசீதிலும் பழைய வாடிக்கையாளர் எண் இருந்தது. அதைப் பார்த்து அண்ணனுடையதைப் பொறுக்கியெடுத்து அவர் பதிவுக்கே திருப்பினார். கூட்டத்தில் விழுந்த பேச்சை எங்கே திருப்புவது? வெட்கத்தில் எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

கவுன்டரில் நடந்தது காதுக்கு எட்டி, அடுத்த நாள் காலை அண்ணன் வந்தார். பாக்கி முழுவதையும் மேசையில் வைத்தார்.

“என் பேரை எடுத்துடுங்கம்மா. இனி இங்க வாங்கறதா இல்ல.”

அக்கா மன்னிப்புக் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

மாலையில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போனார் அக்கா. “தப்பு என்னோடதுங்க. கணக்கைப் பிரிச்சிட்டேன்,” என்றார், தரையைப் பார்த்து.

தச்சர் மரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“பரவாயில்லம்மா, உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு. அண்ணன் ரோஷக்காரர். அவருக்குக் கடன் இருக்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவர் காதுக்குப் போகாம பாத்துக்கங்க.”

அக்கா உட்காரவில்லை. “சரிங்க” என்றார்.