வெள்ளைச் சட்டையில் மறைந்த வரிகள்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் தாராவியில் தமிழில் பேனர் வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். முப்பது வருடம் பெயிண்டும் பிரஷும், அதன்பின் ஃபிளெக்ஸ் மெஷின். இந்தக் கண் பார்த்து ஒரு எழுத்துக்கூடத் தப்பியதில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்தப் போலீஸ்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் வந்தார். மராட்டிக்காரர், என்னிடம் இந்தியில்தான் பேசினார். கையில் ஒரு ஜெராக்ஸ். கிரிக்கெட் மேட்சில் கூடிய கூட்டத்தின் போட்டோ. அதன் மேல் வளைந்தும் நெளிந்தும் ஜிகினா வேலை செய்தது போன்ற தமிழ் எழுத்து. வாட்ஸ்அப்பில் சுற்றிய படமாம்.

"அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது? வரிசை மாறாமல் வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

"இதென்ன சாஹேப், ரெண்டு நிமிஷம்" என்றேன். கறுப்பாகத் தெரிந்தவற்றை மேலிருந்து கீழாக எழுதினேன்.

நீங்கள் ஜெயித்தால்
வீடு தேடி வந்து
மீசையை எடுப்போம்

இந்தியில் அர்த்தமும் சொன்னேன். அவர் முகம் இறுகியது. தாளை மடித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: ஜெயித்த டீமின் கேப்டனை யாரோ வீடு புகுந்து அடித்திருக்கிறார்கள், படத்தைச் செய்தவனைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். தங்கச்சி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அண்ணே, எம்மவன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ! ஏதோ போட்டோ செஞ்சானாம். அது சும்மா கேலிக்குச் செஞ்சதும்மான்னு அழுதாண்ணே."

அவளிடம் நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் போனில் அந்தப் படம் இருந்தது. கலரில் பார்த்தேன். நான் படித்த மூன்று வரியும் சிவப்பு; ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், மறுபடி இடது. ஏன் இப்படித் தாவுகிறது? இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கூட்டத்தில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைகளின் மேல், மெல்லிய கோடு மட்டும் தெரிய, வெள்ளை எழுத்து! ஜெராக்ஸில் அது அடியோடு காணாமல் போயிருந்தது. நடுவில் ஒரு கம்பம். கம்பத்துக்கு இந்தப் பக்கம் மூன்று வரி, அந்தப் பக்கம் மூன்று வரி. சதுரங்கக் கட்டம் மாதிரி கலரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான் படுபாவி.

தங்கச்சியின் போனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெரிய அதிகாரியிடம், பையன் என் தங்கச்சி மகன், நான் பாதி வரியை விட்டுத் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன்.

"ஒரு எழுத்துத் தப்பாத கண் என்றீர்களாமே? பையன் சொந்தக்காரன் என்று தெரிந்ததும் எழுத்து கூடிவிட்டதா?"

பெஞ்சில் மருமகன் உட்கார்ந்திருந்தான். "மாமா, நீங்களா எழுதிக் கொடுத்தீங்க?" என்றான். இந்த வயதில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"சாஹேப், நான் சொல்வதை நம்ப வேண்டாம். போனில் இருக்கிற கலர்ப் படத்தையே பெரிதாக்கி, எங்களைத் தெரியாத ஒருவரை எழுதச் சொல்லுங்கள்" என்றேன்.

பக்கத்து மாட்டுங்காவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் அம்மா ஒருவரை வரவழைத்தார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அந்த அம்மா என்னைப் போல அவசரப்படவில்லை. விரலால் கம்பத்தைத் தொட்டார், இடது பக்கம் முழுவதும் இறங்கினார், அப்புறம்தான் வலது. ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றார். அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை என்றால்?

அதிகாரி கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார்.

நீங்கள் ஜெயித்தால்
எங்கள் தெருவில் எங்கள்
மீசையை எடுப்போம்

நாங்கள் ஜெயித்தால்
வீடு தேடி வந்து
பிரியாணி போடுவோம்

'பிரியாணி' என்ற சொல்லுக்கு எதிரே, முதல் எழுத்து கொடியில் மறைகிறது, ஊகம் என்று குறித்திருந்தார். தெரியாததைத் தெரியாது என்று எழுதலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"தன் மீசையை எடுப்பதாகச் சொன்னவனா அடுத்தவனை அடிப்பான்?" என்று சிரித்தார் மதியம் கடைக்கு வந்த போலீஸ்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகனுக்கு எதிராக அந்தப் படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

நான் எழுதிய தாளைத் திருப்பிக் கேட்டேன். "அது ஃபைலில் இருக்கும் அண்ணா. கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்.

அந்தத் தாளைப் பற்றித் தங்கச்சி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான், அவள் வீட்டுப் பக்கம் நடக்கும்போதெல்லாம்.